ஆரஞ்சு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது? வீட்டு பிரிண்டரின் பழுதை எண்ணிப் படிப்பது

"பிரிண்டர்ல ஆரஞ்சு லைட் எரியுது, என்ன பண்றது?" என்று யாராவது போனில் கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியாது. பதில் தெரியாததால் அல்ல. அந்த ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. பேப்பர் தீர்ந்தாலும் ஆரஞ்சு, காட்ரிட்ஜ் சரியாக உட்காராவிட்டாலும் ஆரஞ்சு, உள்ளே கழிவு இங்க் நிரம்பினாலும் ஆரஞ்சு. எது என்று பிரித்துச் சொல்வது விளக்கின் நிறம் அல்ல, அது எரிந்து அணையும் கணக்கு.

திரை இல்லாத மலிவு விலை பிரிண்டருக்கு பேச இரண்டே விளக்குகள்தான் உண்டு. அவற்றை வைத்து அது எப்படிப் பேசுகிறது என்பதை ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நம் ஊர் வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் நிறையப் பேர் வைத்திருந்த கேனன் பிக்ஸ்மா வரிசையின் `iP2770` இதற்கு நல்ல உதாரணம். அதில் ஆன் செய்யும் பட்டனும் அதன் விளக்கும் உண்டு. பக்கத்தில் ரெஸ்யூம்/கேன்சல் என்று இன்னொரு பட்டனும் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எச்சரிக்கை விளக்கும் உண்டு. அவ்வளவுதான். இந்த வரிசையைப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற பிரிண்டர்களின் மொழியும் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பவர் விளக்கு மட்டும் பச்சையில் விட்டு விட்டு எரிந்தால் அது பழுது அல்ல. பிரிண்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது, அல்லது அச்சடிக்கிறது, அல்லது இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்கிறது என்று பொருள். இதைப் பழுது என்று எண்ணி நடுவில் சுவிட்சை அணைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காட்ரிட்ஜ் ஏறியிருக்கும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். காட்ரிட்ஜின் வாயை மூடும் ரப்பர் மூடியில் போய் அது உட்காராமல் போனால், இங்க் காற்றில் காய்ந்து துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். இல்லாத பழுதைப் பயந்து, இருக்கிற பழுதை வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே பச்சை மட்டும் சிமிட்டினால் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள்.

ஆரஞ்சு விளக்கு சிமிட்டினால்தான் எண்ண வேண்டும். அது ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே போவதுபோல் முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. சில தடவை எரிந்து அணைந்து, பிறகு சற்று நீண்ட நேரம் அணைந்தே இருக்கும். மறுபடி அதே எண்ணிக்கையில் சிமிட்டும், மறுபடி அதே இடைவெளி. அந்த நீண்ட இருட்டுதான் சொற்களுக்கு நடுவே விடும் இடம். ஓர் இருட்டிலிருந்து அடுத்த இருட்டு வரை எத்தனை சிமிட்டல் என்பதே பிரிண்டர் சொல்லும் எண்.

எண்ணும்போது எல்லோரும் செய்யும் தவறு, பார்த்த நொடியிலேயே "ஒன்று" என்று ஆரம்பித்துவிடுவது. அப்போது தொகுப்பு நடுவில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏழு சிமிட்டல் உள்ள தொகுப்பில் மூன்றாவதில் நீங்கள் நுழைந்தால் ஐந்து என்றுதான் கிடைக்கும். அந்த ஐந்துக்குப் பட்டியலில் வேறு ஒரு பொருள் இருக்கும், நீங்களும் அதை நம்பி வேறு எதையோ கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அதனால் முதல் இருட்டு வரும்வரை எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். இருட்டு முடிந்து எரியும் முதல் வெளிச்சம்தான் ஒன்று. மூன்று முறை எண்ணி, மூன்றும் ஒன்றாக வந்தால் மட்டும் நம்புங்கள்.

எண் சிறியதாக இருந்தால் கண்ணே போதும். 13, 14, 15, 16 என்று வரும்போது கண் ஏமாந்துவிடும். அதற்குச் சுலபமான வழி கைபேசி. விளக்குக்கு நேராக வைத்து அரை நிமிடம் வீடியோ எடுத்து, பிறகு வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு விரல்விட்டு எண்ணலாம். அந்த வீடியோ பிறகு சர்வீஸ்காரரிடம் காட்டவும் உதவும்.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆரஞ்சு சிமிட்டும்போது பச்சை விளக்கு என்ன செய்கிறது? பச்சை நிலையாக எரிய, ஆரஞ்சு மட்டும் சிமிட்டினால் அது பெரும்பாலும் வீட்டிலேயே தீர்க்கக்கூடிய விஷயம். பச்சை ஒரு தடவை, ஆரஞ்சு ஒரு தடவை என்று மாறி மாறிச் சிமிட்டினால் கதை வேறு. அது பிரிண்டரின் உள்பாகத்தில் ஏற்பட்ட தடை. இரண்டு வகைக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஆரஞ்சு மட்டும் 7 என்பதும், மாறி மாறி 7 என்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பழுதுகள். முதலாவது காட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தவில்லை என்பது. இரண்டாவது கழிவு இங்க் நிரம்பிவிட்டது என்பது. முதலாவதை ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம், இரண்டாவதற்குக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

`iP2770` பட்டியலில் அடிக்கடி வருபவை இவை. ஆரஞ்சு 2 என்றால் பேப்பர் இல்லை, அல்லது பேப்பர் உள்ளே போகவில்லை. 3 என்றால் பேப்பர் சிக்கியிருக்கிறது. 4, 5, 7 இவற்றில் எது வந்தாலும் காட்ரிட்ஜ் சரியாக உட்காரவில்லை, அல்லது தவறானது மாட்டப்பட்டிருக்கிறது என்ற வகை. 8 என்றால் கழிவு இங்க் நிரம்பப் போகிறது. 13 என்றால் இங்க் தீர்ந்திருக்கலாம், 16 என்றால் தீர்ந்துவிட்டது. 14, 15 இரண்டும் காட்ரிட்ஜை பிரிண்டரால் அடையாளம் காண முடியவில்லை என்பவை.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாடல் பெயரையும் எண்ணையும் சேர்த்துத் தேடினால் கையேட்டின் பக்கமே வந்துவிடும். உதாரணமாக இப்படி:

```
iP2770 alarm lamp 13 flashes
```

மாடல் பெயர் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் பின்புற ஸ்டிக்கரில் இருக்கும். எண்ணைச் சேர்க்காமல் ஆரஞ்சு விளக்கு என்று மட்டும் தேடினால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நூறு வீடியோக்கள்தான் வரும்.

பட்டியலைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். "பேப்பர் இல்லை என்கிறது, ஆனால் பேப்பர் இருக்கிறதே" என்று குழம்பி, பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிரிண்டருக்குக் கண் கிடையாது. அது பேப்பரைப் பார்க்கவில்லை. தன் சென்சார் சொன்னதை வைத்து ஊகித்த முடிவைத்தான் விளக்கில் சொல்கிறது. அந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், விளக்கு சொன்ன சொல்லுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

பேப்பர் போகும் பாதையில் கருப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன நெம்புகோல் தொங்கும். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் ஒரு முனை பேப்பர் வரும் வழியில் நிற்கிறது. மறுமுனை, ஒரு குட்டி விளக்குக்கும் அதன் ஒளியைப் பார்க்கும் உணரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நிற்கிறது. பேப்பர் வந்து முட்டினால் நெம்புகோல் சாயும், மறுமுனை நகரும், உணரிக்குத் தெரியும் ஒளி மாறும். பிரிண்டருக்கு பேப்பரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவே: நெம்புகோல் சாய்ந்தது, அல்லது சாயவில்லை.

இப்போது அச்சடிக்கச் சொல்கிறோம். மோட்டார் ரப்பர் ரோலரைச் சுழற்றுகிறது. இத்தனை சுற்றுக்குள் பேப்பர் நெம்புகோலை வந்தடைய வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குள் சாயவில்லை என்றால் "பேப்பர் இல்லை" என்று முடிவு செய்து ஆரஞ்சு 2 காட்டுகிறது. ஆக 2 என்பதன் சரியான பொருள், "ரோலரைச் சுழற்றினேன், எதுவும் வந்து சேரவில்லை" என்பதுதான். தட்டு காலியாக இருந்தாலும் அது நடக்கும், தட்டு நிறைய இருந்து ரோலர் வழுக்கினாலும் நடக்கும்.

3 இதற்கு நேரெதிர். பேப்பர் வெளியே போயிருக்க வேண்டிய நேரத்திலும் நெம்புகோல் சாய்ந்தே இருந்தால், உள்ளே ஏதோ நிற்கிறது என்று பிரிண்டர் முடிவு செய்கிறது. சிக்கிய பேப்பரை இழுத்து எடுத்த பிறகும் 3 விடாமல் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: இழுத்தபோது கிழிந்த ஒரு துண்டு அந்த நெம்புகோலை அழுத்திக்கொண்டு கிடக்கும். தபால்தலையின் கால் பங்கு இருந்தால் போதும். எடுத்த பேப்பரைத் தரையில் விரித்து நான்கு மூலையும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை இல்லை என்றால் அது உள்ளேதான் இருக்கிறது. வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, டார்ச் அடித்துத் தேடி, ட்வீசரால் எடுக்கலாம். பேப்பரை எடுக்கும்போது எப்போதும் இரண்டு கையாலும், அது போகும் திசையிலேயே, மெதுவாக இழுத்தால் கிழியாது.

2 சிமிட்டலை எப்படிப் பின்தொடர்ந்து போவது என்பதற்கு, போன ஐப்பசி மழையில் எதிர்வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனின் கல்லூரி விண்ணப்பம் மறுநாள் கொடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அக்கா வாசலில் வந்து நின்றார். "தம்பி, பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சு போல, ஆரஞ்சு லைட்டு விட்டு விட்டு எரியுது. காட்ரிட்ஜ் எங்க கிடைக்கும்?" என்றார். இரண்டு விளக்கு மட்டுமே உள்ள இங்க்ஜெட் பிரிண்டர், பின்பக்கம் பேப்பர் நிற்க வைக்கும் வகை. நான் போய் முதலில் எதையும் தொடாமல் எண்ணினேன். இரண்டு, இருட்டு. இரண்டு, இருட்டு. பச்சை நிலையாக எரிந்தது. அந்த மாடலின் கையேட்டிலும் 2 என்றால் பேப்பர்தான். இங்க் அல்ல. காட்ரிட்ஜ் வாங்கப் போயிருந்தால் காசு வீணாகியிருக்கும், விண்ணப்பமும் அச்சாகியிருக்காது.

"பேப்பர்தான் ஃபுல்லா இருக்கே தம்பி" என்றார் அக்கா. இருந்தது, கழுத்து வரை. இந்த இடத்தில் கண்ணைவிடக் காதுதான் உதவும். மறுபடி ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிவிட்டு, பின்தட்டின் பக்கம் குனிந்து கேட்டேன். ரோலர் சுழலும் சத்தம் வந்தது. முதல் தாள் அரை விரற்கடை இறங்கி, நடுங்கி, அங்கேயே நின்றது. ரோலர் மட்டும் அதன் மேல் சர் சர் என்று தேய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ரோலர் சுழல்கிறது, பிடிப்புதான் இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சத்தமே வராமல் 2 காட்டியிருந்தால் நான் வேறு பக்கம் தேடியிருப்பேன்.

பேப்பர் கட்டை வெளியே எடுத்தேன். இரண்டு மாதமாக ஜன்னலோரம் அதே தட்டில் நின்ற பேப்பர். மழை ஈரத்தை இழுத்துக்கொண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, அடி ஓரம் வளைந்திருந்தது. ரோலர் முதல் தாளைத் தள்ளினால் பின்னால் இருப்பவையும் சேர்ந்து எதிர்த்து நிற்கும். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து இருபது தாள் எடுத்து, ஓரத்தை விசிறிபோல் விரித்து உதறி, மேசையில் தட்டி ஒழுங்காக்கி வைத்தேன். பக்கத்தில் நகரும் தடுப்பைத் தாளைத் தொடும் அளவுக்கு மட்டும் தள்ளினேன். அதை இறுக்கினாலும் தாள் இறங்காது, தளர்வாக விட்டால் கோணலாக இறங்கிச் சிக்கும். ரெஸ்யூம் பட்டனை அழுத்தியதும் முதல் பக்கம் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மறுபடி இரண்டு சிமிட்டல்.

பாதி சரியானால் இன்னொரு காரணமும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வயரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் ரோலர் மங்கலான கருப்பாக இருக்க வேண்டும். இதுவோ கண்ணாடிபோல் பளபளத்தது. பேப்பர் தூசு படிந்து, தேய்ந்து தேய்ந்து மெழுகு பூசியதுபோல் ஆகியிருந்தது. பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, தெரிந்த பகுதியைத் துடைத்தேன். துணி சாம்பல் நிறமாகியது. ரோலரைக் கையால் வலிந்து சுற்றக் கூடாது, பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அதற்குப் பதில் வயரை மாட்டி, கணினியில் பிரிண்டர் மென்பொருளின் பராமரிப்புப் பகுதியில் இருக்கும் ரோலர் க்ளீனிங்கை ஓடவிட்டேன். அது ரோலரைச் சுழற்றித் தரும். மறுபடி கழற்றி மறுபக்கத்தையும் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டோம். பிறகு விண்ணப்பம், சான்றிதழ் நகல்கள் என்று பதினொரு பக்கம் நிற்காமல் வந்தது. ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைத்தால் வேகமாகக் காயும் என்று சிலர் சொல்வார்கள். ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்க அதுவே காரணமாகிவிடும், வீட்டில் தண்ணீரே போதும்.

பேப்பர் விஷயத்தில் சென்சாரின் ஊகம் தவறலாம் என்று பார்த்தோம். இங்க் விஷயத்தில் இன்னும் விசேஷம், அங்கே சென்சாரே கிடையாது. `iP2770`-இல் போடும் PG-810 கருப்பு, CL-811 கலர் காட்ரிட்ஜ்களில் எவ்வளவு இங்க் மிச்சம் என்று அளக்கும் கருவி எதுவும் இல்லை. இதுவரை எத்தனை துளி தெளித்தோம் என்று பிரிண்டர் எண்ணி வைத்துக்கொள்கிறது. கணக்கு முடிவை நெருங்கினால் 13, முடிந்தால் 16. நீங்கள் கடையில் கொடுத்து ரீஃபில் செய்து கொண்டுவந்து மாட்டினாலும், காட்ரிட்ஜ் அதேதான், கணக்கும் அதேதான். அதனால் இங்க் ததும்பும்போதும் 16 சிமிட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ரெஸ்யூம்/கேன்சல் பட்டனை ஐந்து நொடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்திருந்து விட்டால், அந்தக் காட்ரிட்ஜுக்கு இங்க் கணக்கு பார்ப்பதை பிரிண்டர் நிறுத்திக்கொள்ளும், அச்சும் தொடரும். அதன் பிறகு இங்க் உண்மையாகவே தீர்ந்தாலும் அது எச்சரிக்காது என்பதை நினைவில் வையுங்கள். எழுத்து மங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இந்தக் காட்ரிட்ஜில் ஹெட்டும் சேர்ந்தே இருக்கிறது, இங்க் துளியைச் சூடாக்கித்தான் தெறிக்க வைக்கிறது. இங்க் இல்லாமல் ஓட்டினால் ஹெட் சூட்டில் கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட காட்ரிட்ஜ் பிறகு 15 சிமிட்டலாக வந்து நிற்கலாம்.

ரீஃபிலுக்குப் பிறகு 5 அல்லது 15 வந்தால் உடனே காட்ரிட்ஜ் போய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். காட்ரிட்ஜின் முதுகில் செம்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பிரிண்டர் அதன் வழியாகத்தான் காட்ரிட்ஜோடு பேசுகிறது. அங்கே ஒரு துளி இங்க் ஒழுகியிருந்தாலே பேச்சு நின்றுவிடும். நூல் பிரியாத உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கருப்பு வலப்பக்கம், கலர் இடப்பக்கம் என்று பார்த்து, க்ளிக் என்று சத்தம் கேட்கும்வரை மாட்டிப் பாருங்கள்.

இனி இரண்டு விளக்கும் மாறி மாறிச் சிமிட்டும் வகைக்கு வருவோம். இது வந்ததும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: பிரிண்டரை அணைத்து, சுவர் பிளக்கைக் கழற்றி, சிறிது நேரம் விட்டு மறுபடி மாட்டுவது. தற்செயலாக நேர்ந்த தடங்கல் என்றால் அதோடு போய்விடும். மறுபடியும் வந்தால் எண்ண வேண்டும்.

மாறி மாறி 2 என்றால் காட்ரிட்ஜ் வண்டி ஓடவில்லை, அல்லது தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. வண்டிக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாகக் கோடுகள் போட்டிருக்கும். வண்டி போகும்போது அந்தக் கோடுகளை எண்ணித்தான் தன் இடத்தை அறிகிறது. ரீஃபில் இங்க் தெறித்தோ, வண்டி ஓடும் கம்பியின் கிரீஸ் பட்டோ நாடா அழுக்காகிவிட்டால் எண்ணிக்கை தவறும், வண்டி பக்கச் சுவரில் டமார் என்று போய் இடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு சிமிட்டினால் முதலில் இந்த நாடாவைச் சந்தேகியுங்கள். வயரைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியை இரண்டு விரலில் பிடித்து, நாடாவை இழுக்காமல் மெதுவாகத் தடவித் துடைக்கலாம். கொக்கியிலிருந்து கழன்றால் திரும்ப மாட்டுவது கஷ்டம். சத்தம் எதுவும் இல்லாமல் வண்டி அசையவே இல்லை என்றால், வழியில் சிக்கிய பேப்பரோ, உள்ளே விழுந்த கிளிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். மேல் மூடியில்லாத பின்தட்டில் குழந்தைகள் எதையும் போடுவார்கள்.

மாறி மாறி 3 என்றால் பேப்பரை நகர்த்தும் பகுதியில் தடை. அங்கேயும் தேட வேண்டியது விழுந்த பொருளைத்தான்.

மாறி மாறி 7, வீட்டில் தீராதது. ஒவ்வொரு தடவை ஹெட் சுத்தம் செய்யும்போதும் கொஞ்சம் இங்க் உறிஞ்சி வெளியேற்றப்படுகிறது. அது பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுத் திண்டில் போய்ச் சேர்கிறது. இங்கேயும் திண்டு நனைந்ததா என்று பார்க்கும் சென்சார் இல்லை, எவ்வளவு இங்க் அனுப்பினோம் என்ற கணக்குதான். கணக்கு எல்லையை நெருங்கினால் ஆரஞ்சு 8. அப்போது ரெஸ்யூம் பட்டனை அழுத்தினால் அச்சு தொடரும், ஆனால் பிரிண்டர் நாள் குறித்துவிட்டது. எல்லையைத் தொட்டதும் மாறி மாறி 7 காட்டி மொத்தமாக நின்றுவிடும். அணைத்துப் போட்டாலும் போகாது, ஏனென்றால் அந்தக் கணக்கு மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. கணக்கை மட்டும் பூஜ்யமாக்கித் தரும் மென்பொருள்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். திண்டை மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால், நிரம்பிய திண்டில் மேலும் மேலும் இங்க் போய், ஒருநாள் மேசையிலும் கீழே இருக்கும் சான்றிதழ்களிலும் ஒழுகும். திண்டை மாற்றி, கணக்கையும் அழிக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே சரி. 8 சிமிட்டல் வந்த நாளிலேயே அதற்கு விலை விசாரித்துவிடுங்கள். பழைய பிரிண்டரின் விலையில் பாதியை அந்த வேலைக்குக் கேட்டால் புதிதே வாங்கலாமா என்று நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். பரீட்சைக்கு முந்தின இரவு அந்த நேரம் கிடைக்காது.

உங்கள் பிரிண்டரில் சின்னதாக எண் காட்டும் இடம் இருந்தால் எண்ணும் வேலை மிச்சம். அதே கேனனின் MG2570 போன்றவற்றில் ஒரே ஓர் எழுத்து தெரியும் குட்டித் திரை உண்டு. ஓர் எழுத்துக்குத்தான் இடம் என்பதால் `E`, `0`, `2` என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். பலர் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஈ என்று வருகிறது" என்பார்கள். மூன்றும் முடியும்வரை பார்த்தால் `E02`. அதாவது ஆரஞ்சு 2, பேப்பர். `E13` என்றால் 13 சிமிட்டல், `E16` என்றால் 16. மாறி மாறிச் சிமிட்டும் வகைக்கு `E` இடத்தில் `P` வரும், ஆகவே `P07` என்பது கழிவு இங்க் நிரம்பியது. பிரிண்டர் கணினியோடு இணைந்திருந்தால் திரையில் நான்கு இலக்கத்தில் இன்னொரு குறியீடும் தெரியும். பேப்பர் இல்லை என்பதற்கு `1000`, கழிவு இங்க் நிரம்பியதற்கு `5B00`. சிமிட்டலை எண்ணிச் சந்தேகமாக இருந்தால் கணினித் திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

இந்தப் பட்டியலை அப்படியே வேறு கம்பெனி பிரிண்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. டேங்க்கில் இங்க் ஊற்றும் எப்சன் எல்3110-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. பேப்பருக்குத் தனி விளக்கு, இங்க்குக்குத் தனி விளக்கு. பேப்பர் விளக்கு நிலையாக எரிந்தால் பேப்பர் இல்லை, அல்லது இரண்டு மூன்று தாள் சேர்ந்து போயிருக்கிறது. அதே விளக்கு சிமிட்டினால் சிக்கியிருக்கிறது. இங்க் விளக்கும் பேப்பர் விளக்கும் மாறி மாறிச் சிமிட்டினால் கழிவு இங்க் திண்டு நிரம்பியது அல்லது நிரம்பப் போகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை?" அல்ல, "எது எரிகிறது, எது சிமிட்டுகிறது?" என்பது. எந்தப் பிரிண்டரானாலும் நெம்புகோலும் ரோலரும் நாடாவும் திண்டும் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான். அதை விளக்கில் சொல்லும் முறைதான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கடைசியில் சர்வீஸ்காரரைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றானால், போனில் இப்படிச் சொல்லுங்கள்: "மாடல் `iP2770`. பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி வருது, ஆரஞ்சு ரெண்டு தடவை. ஆன் பண்ணதும் வண்டி இடதுபக்கம் போய் இடிக்குது, அப்புறம்தான் லைட் வருது. பிளக்கைக் கழட்டி மாட்டியும் பாத்தாச்சு, நாடாவைத் துடைச்சும் பாத்தாச்சு." இதைக் கேட்டதும் எதைக் கையில் எடுத்து வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.